எண் மாற்றிய பின் பரிவர்த்தனைக் குறுஞ்செய்திகள் வரவில்லை: வங்கிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | 11 ஜூன் 2024

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்திற்கு அருகில் என் தந்தையார் மாந்தோப்பு வைத்திருக்கிறார். பருவத்தில் மாம்பழக்கூழ் ஆலைக்கு அனுப்பும் காய்களுக்கான தொகை அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவாகும். வரவுக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் எந்த லோடுக்குப் பணம் வந்தது, எதற்கு நிலுவை என்று நோட்டில் குறித்துக்கொள்வார்.

அவருடைய பழைய கைப்பேசி எண்ணுக்குத் தோப்புப் பக்கம் சிக்னல் கிடைக்காததால், வேறு நிறுவனத்தில் புதிய எண் வாங்கினோம். மே 15 அன்று கிளைக்குச் சென்று, எண் மாற்றப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். மறுநாளே புதிய எண்ணுக்கு, "தங்கள் கைப்பேசி எண் மாற்றப்பட்டது" என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. நகைக்கடன் வட்டி பற்றிய நினைவூட்டலும் புதிய எண்ணுக்கே வந்தது. ஆனால் ஜூன் 3 அன்று ஆலையிலிருந்து வரவான 48,500 ரூபாய்க்கும், ஜூன் 7 அன்று ஏடிஎம்மில் எடுத்த 5,000 ரூபாய்க்கும் எந்தச் செய்தியும் வரவில்லை. பாஸ்புக்கில் பதிவு போட்டபோதுதான் ஆலைப் பணம் வந்திருப்பதே தெரிந்தது.

கிளையில் கேட்டால், "எங்கள் கணினியில் புதிய எண்தான் இருக்கிறது, சர்வர் பிரச்சினையாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆகவே எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க நினைக்கிறேன். நான் எழுதி வைத்திருப்பதன் தொடக்கம் இது:

"பல ஆண்டுகளாகத் தங்கள் வங்கியில் நேர்மையாகக் கணக்கு வைத்திருக்கும் எங்களைப் போன்ற விவசாயிகளை அலைக்கழிப்பது வருந்தத்தக்கது. எண் மாற்றிய பிறகும் குறுஞ்செய்தி வராததால் எங்களுக்குக் கடும் மன உளைச்சல் ஏற்பட்டுள்ளது. எனவே தாங்கள் இதில் தலையிட்டு விரைவில் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் என்ன சேர்க்க வேண்டும், என்ன நீக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

ஒசூர் இரவுப்பணி | 11 ஜூன் 2024

எனக்கும் எண் மாற்றியபோது இதே தொல்லை இருந்தது. புதிய சிம்மில் விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி பதிவு செய்திருந்தால் வங்கிச் செய்திகளும் நின்றுவிடும். முதலில் அதை நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கணக்கிலிருந்து யாருக்காவது யுபிஐ வழியாக ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். செய்தி வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருள்; வரவில்லை என்றால் வங்கியின் மீதுதான் தவறு.

---

அரூர் ஆசிரியை | 11 ஜூன் 2024

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் கைப்பேசியையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நான் புதிய கைப்பேசி வாங்கியபோது வங்கிச் செய்திகள் வரவேயில்லை என்று நினைத்து மேலாளரிடம் கோபமாகப் பேசிவிட்டேன். பிறகு என் மாணவி ஒருத்தி குறுஞ்செய்திச் செயலியின் பட்டியலில் Spam & blocked என்ற பகுதியைத் திறந்து காட்டினாள். எல்லாச் செய்திகளும் அங்கேதான் இருந்தன. உங்கள் தந்தையார் இரண்டு சிம் போடும் கைப்பேசி வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள்.

---

பென்னாகரம் இசேவை | 11 ஜூன் 2024

ஐயா, ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்றினீர்களா? அதை மாற்றாமல் வங்கியில் மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும். எங்கள் மையத்திற்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தெரியாமல்தான் வருகிறார்கள். ஆதார் சேர்க்கை மையத்தில் கைரேகை வைத்துப் புதிய எண்ணைச் சேர்த்துவிட்டால், வங்கியில் தானாக மாறிவிடும்.

---

கணக்குப் பேரேடு | 11 ஜூன் 2024

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிளைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவள். மேலே சொன்னவற்றில் சிலவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம்.

ஆதாரில் உள்ள எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் வெவ்வேறு பதிவுகள். ஆதாரில் மாற்றினால் வங்கிக் கணக்கில் தானாக மாறாது. ஆதாரில் எண்ணைப் புதுப்பித்து வைப்பது வேறு பல வேலைகளுக்கு உதவும் என்பது உண்மைதான், ஆனால் இந்தக் குறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டிஎன்டி என்பது வணிக விளம்பரங்களுக்கான தடை. கணக்கில் பற்று வைத்தோம், வரவு வைத்தோம் என்று வங்கி அனுப்பும் செய்தி அந்தத் தடைக்குள் வராது. மேலும், அதே வங்கியின் நகைக்கடன் நினைவூட்டல் இந்த எண்ணுக்கு வந்திருக்கும்போது கைப்பேசியையோ சிம்மையோ சந்தேகிப்பதற்கு இடம் குறைவு. இருந்தாலும் ஆசிரியை சொன்ன பகுதியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. கவுன்டரில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். சிறு தொகை யுபிஐ பரிவர்த்தனைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை என்று சில வங்கிகள் முடிவெடுத்திருக்கின்றன. அங்கே எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு ரூபாய்க்குச் செய்தி வராது. ஏடிஎம்மில் பணம் எடுப்பதும் கவுன்டரில் பணம் கட்டுவதும்தான் நம்பத்தக்க சோதனைகள். உங்கள் தந்தையார் ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுத்தும் செய்தி வரவில்லை என்பதால் அந்தச் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இனி எனக்கு உறுத்துகிற இடத்திற்கு வருகிறேன். எண் மாறியதாகச் செய்தி வந்திருக்கிறது, நகைக்கடன் செய்தி வருகிறது, சேமிப்புக் கணக்கின் செய்தி மட்டும் வரவில்லை. வங்கிக் கணினியில் பொதுவாகக் கைப்பேசி எண் கணக்கின் மீது இருப்பதில்லை. வாடிக்கையாளர் எண்ணின் மீது இருக்கும். ஒருவருடைய எல்லாக் கணக்குகளும் ஒரே வாடிக்கையாளர் எண்ணுக்குக் கீழே இருந்தால், ஓரிடத்தில் மாற்றியது எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனால் பழைய கணக்குகளில் ஒரே மனிதருக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கைத் தொடங்கும்போது பெயருக்கு முன்னால் முன்னெழுத்து இருக்கும். நகைக்கடன் வைக்கும்போது யாரோ ஒருவர் அதைப் பெயருக்குப் பின்னால் தட்டச்சு செய்திருப்பார். கணினி அவர்களை இரண்டு மனிதர்களாக எடுத்துக்கொள்ளும்.

தம்பி, மூன்று தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ள வாடிக்கையாளர் எண், நகைக்கடன் அட்டையில் உள்ள வாடிக்கையாளர் எண், எண் மாற்றப்பட்டதாக வந்த குறுஞ்செய்தியில் தெரியும் வாடிக்கையாளர் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். கடைசியாகச் சொன்னது மற்ற இரண்டில் எதனோடு பொருந்துகிறது என்று சொல்லுங்கள். அதுவரை விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டாம்.

---

பாலக்கோடு தக்காளி | 12 ஜூன் 2024

விண்ணப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதை நான் ஏற்கவில்லை, அம்மா. கணக்கிலிருந்து யாராவது பணத்தைத் திருடினால் மூன்று நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. செய்தியே வராதவர் மூன்று நாட்களுக்குள் எப்படித் தெரிந்துகொள்வார்? நான்காவது நாள் ஆகிவிட்டால் பணம் போனது போனதுதான். ஆகவே இன்றே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். செய்தி அனுப்பாத வங்கிதான் முழு நட்டத்தையும் ஏற்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | 12 ஜூன் 2024

அம்மா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பாஸ்புக்கில் உள்ள வாடிக்கையாளர் எண் 2716 என்று முடிகிறது. நகைக்கடன் அட்டையில் உள்ளது 9043 என்று முடிகிறது. எண் மாற்றியதாக வந்த செய்தியில் 9043 என்றுதான் இருக்கிறது. பெயரும் நீங்கள் சொன்னதைப் போலவே ஒன்றில் முன்னெழுத்து முன்னாலும், மற்றொன்றில் பின்னாலும் அச்சாகியிருக்கிறது.

அன்று தந்தையார் நகைக்கடன் வட்டி கட்டுவதற்காகச் சென்றிருந்தார். எண் மாற்றப் படிவத்தையும் அதே இடத்தில்தான் வாங்கினோம்; ஊழியரே கடன் அட்டையைப் பார்த்துப் படிவத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தார். Spam & blocked பகுதியையும் பார்த்துவிட்டேன், அங்கே வங்கியின் செய்தி எதுவும் இல்லை. அப்படியானால் சேமிப்புக் கணக்கின் செய்திகள் இன்னும் பழைய எண்ணுக்குத்தான் போகின்றனவா? அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டோம்.

---

கணக்குப் பேரேடு | 12 ஜூன் 2024

பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும். கவுன்டரில் "புதிய எண்தான் இருக்கிறது" என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. அவர் 9043ஐத் திறந்து பார்த்திருப்பார். இந்த நிலையில் "குறுஞ்செய்தி வரவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், மறுபடியும் அதையே திறந்து பார்த்துவிட்டு, "எண் சரியாக உள்ளது" என்று பதில் எழுதி விண்ணப்பத்தை முடித்திருப்பார்கள். தாமதிக்கச் சொன்னது அதற்காகத்தான், பாலக்கோட்டு நண்பரே.

நீங்கள் சொன்ன விதி பாதி சரி. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று இருக்கிறது. அந்த நாட்கள் திருட்டு நடந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பரிவர்த்தனை பற்றி வங்கியிடமிருந்து வாடிக்கையாளருக்குத் தகவல் கிடைத்ததிலிருந்து எண்ணப்படும், அதிலும் தகவல் கிடைத்த நாள் சேராது. நான்காவது நாளில் எல்லாம் போய்விடுவதும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய தொகை 10,000 ரூபாயைத் தாண்டாது. அதற்கும் பிறகு என்றால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

தகவல் சென்று சேர்ந்த தேதியையும் நேரத்தையும் வங்கி பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும், வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நாங்கள் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு அனுப்பினோம், அது சென்று சேர்ந்ததற்குப் பதிவு இருக்கிறது" என்று வங்கி சொன்னால், அந்த எண் மாற்றப்பட வேண்டும் என்று நீங்கள் மே 15 அன்றே கேட்டதற்குச் சான்று வேண்டும். ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டிய முதல் தாள், எண் மாற்றப் படிவத்தின் ஒப்புகை. அது இருக்கிறதா?

பழைய சிம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்போது உங்கள் தந்தையாரின் வரவும் இருப்பும் முன்பின் தெரியாத ஒருவருடைய கைப்பேசியில் போய் விழும். முடிந்தால் குறை தீரும்வரை அந்த சிம்முக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அதை வேறொரு கைப்பேசியில் போட்டுச் சிக்னல் உள்ள இடத்தில் வைத்து, ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

நட்டத்தை வங்கி ஏற்க வேண்டும் என்ற வரி இப்போது தேவையில்லை. நட்டம் எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்குப் பொறுப்புக் கேட்டால், மேலாளர் அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதுவதற்காக விண்ணப்பத்தை மேலிடத்திற்கு அனுப்பிவிடுவார், உங்கள் வேலை நின்றுவிடும்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | 13 ஜூன் 2024

ஒப்புகை கேட்டு வாங்கவில்லை, அம்மா. ஆனால் படிவத்தைக் கொடுக்கும் முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். மறுநாள் வந்த குறுஞ்செய்தியும் அழியாமல் இருக்கிறது.

பழைய சிம் இன்னும் துண்டிக்கப்படவில்லை. ரீசார்ஜ் செய்து, காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்திற்கு அருகில் வைத்துச் சோதித்தேன். 1,000 ரூபாய் எடுத்ததும் பழைய எண்ணுக்குச் செய்தி வந்துவிட்டது. இதோ திருத்தி எழுதிய விண்ணப்பம். கணக்கு எண்களை இங்கே மறைத்திருக்கிறேன்.

"அனுப்புநர்: (கணக்குதாரர் பெயர், முகவரி)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
நாள்: 14.06.2024

பொருள்: சேமிப்புக் கணக்கின் வாடிக்கையாளர் எண்ணில் பழைய கைப்பேசி எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதிவு செய்து, பரிவர்த்தனைக் குறுஞ்செய்திகளை மீண்டும் அனுப்பக் கோருதல்.

ஐயா,

தங்கள் கிளையில் எனக்கு 0638 என முடியும் சேமிப்புக் கணக்கும், ஒரு நகைக்கடன் கணக்கும் உள்ளன. சேமிப்புக் கணக்கு 2716 என முடியும் வாடிக்கையாளர் எண்ணின் கீழும், நகைக்கடன் 9043 என முடியும் வாடிக்கையாளர் எண்ணின் கீழும் இருப்பதைப் பாஸ்புக்கிலிருந்தும் கடன் அட்டையிலிருந்தும் அறிகிறேன். 15.05.2024 அன்று நான் கொடுத்த எண் மாற்றப் படிவம் 9043இல் மட்டும் செயல்படுத்தப்பட்டிருப்பது, 16.05.2024 அன்று எனக்கு வந்த குறுஞ்செய்தியிலிருந்து தெரிகிறது.

இதனால் 03.06.2024 அன்று வரவான ரூ.48,500, 07.06.2024 அன்று ஏடிஎம்மில் எடுத்த ரூ.5,000 ஆகியவற்றுக்கு என் புதிய எண்ணில் குறுஞ்செய்தி கிடைக்கவில்லை. 13.06.2024 அன்று எடுத்த ரூ.1,000க்கான செய்தி என் பழைய எண்ணுக்கு வந்துள்ளது.

எனவே 2716 என முடியும் வாடிக்கையாளர் எண்ணிலிருந்து பழைய கைப்பேசி எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதிவு செய்யுமாறும், பற்று வரவு இரண்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி அதில் செயல்பாட்டில் உள்ளதா என உறுதி செய்யுமாறும், என் இரண்டு வாடிக்கையாளர் எண்களையும் ஒன்றாக இணைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 15.05.2024 முதல் இன்றுவரை என் சேமிப்புக் கணக்குக்கான குறுஞ்செய்திகள் எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு: பாஸ்புக் முதல் பக்கம், நகைக்கடன் அட்டை, எண் மாற்றப் படிவத்தின் படம், 16.05.2024 குறுஞ்செய்தியின் அச்சு, அடையாளச் சான்று.

இப்படிக்கு,
(கணக்குதாரர் கையொப்பம்)"

---

ஒசூர் இரவுப்பணி | 13 ஜூன் 2024

இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா? ஏடிஎம் இயந்திரத்திலேயே கைப்பேசி எண்ணை மாற்றும் வசதி சில வங்கிகளில் இருக்கிறது. அட்டை சேமிப்புக் கணக்குக்கு உரியதுதானே, அங்கேயே மாற்றிவிட்டால் கிளைக்குப் போகும் வேலையே மிச்சம்.

---

கணக்குப் பேரேடு | 13 ஜூன் 2024

ஏடிஎம் வழி எல்லா வங்கிகளிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, நண்பரே. சில இடங்களில் பழைய எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் மாற்றம் நடக்கும். இவர் விஷயத்தில் பழைய சிம் இன்னும் இருப்பதால் அது நடக்கவும் கூடும். ஆனால் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் என்ற அடிப்படைக் கோளாறு அப்படியே இருக்கும். நாளைக்கு முகவரி மாற்றும்போதும், கேஒய்சி புதுப்பிக்கும்போதும் இதே கதை திரும்பும்.

விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, தம்பி. முதலில் எழுதியதில் மன உளைச்சல் இருந்தது, வேலைக்கான விவரம் எதுவும் இல்லை. இதில் ஊழியர் எந்தத் திரையைத் திறக்க வேண்டும் என்பதுவரை இருக்கிறது. இரண்டு திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன்.

எண்களை இணைக்கும் கோரிக்கையைத் தனித் தாளில் எழுதுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே அடையாள எண்தான் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலிலேயே உள்ளது, ஆகவே நீங்கள் கேட்பது நியாயமானதே. ஆனால் அது கிளையில் முடிகிற வேலையாக இருக்காது. பெயர் வேறுபாட்டைச் சரிசெய்ய ஆவணம் கேட்பார்கள், மேலலுவலகத்திற்குப் போகும், நாளாகும். ஒரே தாளில் இரண்டையும் கேட்டால், எளிதான வேலையும் கடினமான வேலைக்காகக் காத்துக் கிடக்கும்.

அடுத்தது, விண்ணப்பத்தை உங்கள் தந்தையாரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மகன் கையெழுத்திட்டால் அது வெறும் தகவல்தான். அவர் கைநாட்டு வைப்பவராக இருந்தால் அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும். இரண்டு பிரதிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் கிளை முத்திரை, தேதி, பெற்றுக்கொண்டவரின் சுருக்கொப்பம் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுன்டரில் ஊழியர் எண்ணைத் தட்டச்சு செய்தவுடன் எழுந்து வந்துவிடவும் வேண்டாம். ஒருவர் பதிவு செய்ததை இன்னோர் அலுவலர் தன் கணினியில் அங்கீகரித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். மாலை நெரிசலில் அங்கீகரிக்கப்படாமல் நின்றுபோன பதிவுகள் உண்டு. சில வங்கிகளின் கணினி, ஒரே கைப்பேசி எண்ணை இரண்டு வாடிக்கையாளர் எண்களில் ஏற்கத் தயங்கும். அப்படி எச்சரிக்கை வந்தால் மேலாளரின் அனுமதி தேவைப்படும். 2716க்கான உறுதிச் செய்தி புதிய எண்ணில் வந்து விழுந்த பிறகு புறப்படுங்கள்.

---

பாலக்கோடு தக்காளி | 14 ஜூன் 2024

விளக்கத்திற்கு நன்றி, அம்மா. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். குறுஞ்செய்திக்கென்று காலாண்டுக்கு ஒருமுறை பணம் பிடிக்கிறார்களே, அதை ஏன் திருப்பிக் கேட்கக் கூடாது? என் கணக்கில் 17 ரூபாய் 70 காசு என்று பிடித்தம் வருகிறது. எனக்கு வராத செய்திக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

---

கணக்குப் பேரேடு | 14 ஜூன் 2024

அது 15 ரூபாயும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை. குறுஞ்செய்திக் கட்டணம் உண்மையான பயன்பாட்டின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் இவர் விஷயத்தில் வங்கி செய்தி அனுப்பியிருக்கிறது, தவறான எண்ணுக்கு. கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஜூன் முடிந்ததும் பாஸ்புக்கில் அந்தப் பிடித்தம் வருகிறதா என்று பார்த்து வையுங்கள். செய்தி வசதி கணக்கில் உயிரோடுதான் இருந்தது என்பதற்கு அதுவே ஒரு துணைச் சான்று.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | 20 ஜூன் 2024

தந்தையாரை அழைத்துக்கொண்டு கிளைக்குச் சென்று வந்தோம். ஊழியர் முதலில் வழக்கம்போல 9043ஐத் திறந்து, "எண் சரியாக இருக்கிறதே" என்றார். விண்ணப்பத்தில் இருந்த மற்ற எண்ணைச் சுட்டிக்காட்டியதும் அதைத் திறந்தார். அதில் பழைய எண் அப்படியே இருந்தது. அம்மா சொன்ன எச்சரிக்கையும் திரையில் வந்தது. மேலாளரிடம் சென்று அனுமதி பெற்று மாற்றினார்கள். 2716 என்று முடியும் உறுதிச் செய்தி வந்த பிறகுதான் எழுந்தோம்.

வெளியே வந்து ஏடிஎம்மில் பணம் எடுத்ததும் புதிய எண்ணுக்குச் செய்தி வந்துவிட்டது. ஆலையிலிருந்து அடுத்து வந்த தொகைக்கும் செய்தி வந்தது.

ஆனால் இடைப்பட்ட நாட்களில் செய்திகள் எந்த எண்ணுக்குப் போயின என்பதை எழுதித் தர மறுக்கிறார்கள். "பழைய எண்ணுக்குத்தான் போயிருக்கும், அதுதான் உங்களுக்கே தெரியுமே" என்று வாயால் சொல்கிறார் மேலாளர். முத்திரையிட்ட பிரதியைக் கொடுத்துவிட்டார். எண்களை இணைக்கும் விண்ணப்பத்தையும் தனியாகக் கொடுத்திருக்கிறோம். பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழிக் கடிதம் கேட்டிருக்கிறார்கள்.

---

அரூர் ஆசிரியை | 20 ஜூன் 2024

செய்தி வரத் தொடங்கிவிட்டதே, இனி அந்த எழுத்து எதற்கு? மேலாளரோடு மனக்கசப்பு வேண்டாம். அடுத்த நகைக்கடனுக்கும் அவரிடம்தான் போக வேண்டும்.

---

பாலக்கோடு தக்காளி | 20 ஜூன் 2024

அப்படி விட்டுவிடக் கூடாது. மே 15க்கும் ஜூன் 14க்கும் இடையில் நடந்த ஏதேனும் ஒரு பற்று நாளைக்குச் சந்தேகத்திற்கு உள்ளானால் என்ன செய்வார்? எழுதி வாங்கியே ஆக வேண்டும்.

---

கணக்குப் பேரேடு | 21 ஜூன் 2024

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அந்தக் காலத்தில் உள்ள பற்றுப் பதிவுகள் எல்லாவற்றையும் தந்தையாரோடு உட்கார்ந்து பாஸ்புக்கில் வரிவரியாகச் சரிபாருங்கள். எல்லாம் அவர் எடுத்ததுதான் என்றால், அந்த எழுத்துக்காக நான் சண்டை போட மாட்டேன். முத்திரையிட்ட பிரதியே மே 15 படிவத்தைக் குறிப்பிட்டு நிற்கிறது. ஒரு பற்று தெரியாததாக இருந்தால், அன்றே வங்கியின் புகார் தொலைபேசி எண்ணில் பதிவு செய்து, புகாருக்கான பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணும் இருக்கிறது. வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு | 3 ஜூலை 2024

பாஸ்புக்கைச் சரிபார்த்துவிட்டோம், எல்லாப் பற்றும் தந்தையார் எடுத்தவைதான். ஜூன் காலாண்டுக் குறுஞ்செய்திக் கட்டணம் பிடிக்கப்பட்டிருக்கிறது; அதைக் கேட்கவில்லை. இணைப்பு விண்ணப்பம் வட்டார அலுவலகத்திற்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். பழைய சிம்மை இனி விட்டுவிடலாமா?

---

கணக்குப் பேரேடு | 3 ஜூலை 2024

இன்னும் வேண்டாம். அந்த எண் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்: யுபிஐ செயலி, எரிவாயு இணைப்பு, ஆதார். பென்னாகரத்து நண்பர் சொன்னது இந்த இடத்தில் பொருந்தும். அவற்றை மாற்றிய பிறகு விடுங்கள்.

---

பென்னாகரம் இசேவை | 3 ஜூலை 2024

ஆதாருக்கு வரும்போது தந்தையாரை நேரில் அழைத்து வர வேண்டும். மையத்தில் கைப்பேசி எண்ணை மாற்றக் கைரேகை போன்ற சரிபார்ப்பு செய்வார்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து பென்னாகரம்வரை வர வேண்டாம், கிருஷ்ணகிரியிலேயே ஆதார் மையம் இருக்கிறது.